முகாம் அறிக்கையில் ‘போதும்’ என்பதற்கு எத்தனை சொல்?

கேள்வி: வெள்ள நிவாரண முகாம் ஒன்றில் தன்னார்வலராக இருக்கிறேன். தினமும் மாலை ஆங்கிலத்தில் ஓர் அறிக்கையும் தமிழில் ஒரு சுருக்கமும் அனுப்ப வேண்டும். சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை, துணி எல்லாவற்றுக்கும் ‘அடிக்குவேட்’ என்றே போட்டேன். இப்படி எழுதாதீர்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடிக்குவேட், சஃபிஷியன்ட், ஆம்பிள், பிளென்டிஃபுல் எல்லாமே ‘போதுமான’ தானே? எதை எங்கே போடுவது?

பதில்:

பந்தியில் சோறு போட வருகிறவரிடம் இலைக்கு மேல் கையை வைத்துப் “போதும்” என்றால் கரண்டி நின்றுவிடும், அடுத்த இலைக்குப் போய்விடும். முகாம் அறிக்கையில் நீங்கள் எழுதும் சொல்லும் அதே வேலையைத்தான் செய்கிறது. அதைப் படிப்பவர் தாலுகா அலுவலகத்திலோ கட்டுப்பாட்டு அறையிலோ முப்பது நாற்பது முகாம்களின் தாள்களை முன்னால் வைத்துக்கொண்டு, இருக்கும் ஐந்தாறு வண்டிகளை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்துகொண்டிருப்பார். உங்கள் முகாமுக்கு நேரே ‘போதும்’ என்ற பொருளில் எந்தச் சொல்லைப் பார்த்தாலும் அவர் வண்டியைத் திருப்புவார். எவ்வளவு தூரம் திருப்புவார், எத்தனை நாளைக்குத் திருப்புவார் என்பதில்தான் நீங்கள் கேட்ட நான்கு சொற்களும் வேறுபடுகின்றன.

2023 டிசம்பரில் இப்படி வண்டிகளைப் பிரித்தனுப்பும் மேசை ஒன்றில் நானும் உட்கார்ந்திருந்தேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது அப்போதுதான். தாமிரபரணி கரை மீறி, சாலைகள் பல இடங்களில் அறுந்து, ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் தொடர்பே இல்லாமல் இருந்தது. ஒரு முகாமிலிருந்து ‘உணவு இருப்பு ஆம்பிள்’ என்று ஆங்கிலத்தில் தகவல் வந்தது. அரிசியும் பருப்பும் ஏற்றி அங்கே போகவேண்டிய வேனை வேறு முகாமுக்கு மாற்றினோம். மறுநாள் மதியம் போன் வந்தது. அங்கே தாராளமாக இருந்தது பிரெட்டும் பிஸ்கட்டும். அரிசி முந்தின இரவே தீர்ந்திருந்தது. எழுதியவர் பொய் சொல்லவில்லை. வராந்தா முழுக்க அடுக்கியிருந்த பிஸ்கட் பெட்டிகளைப் பார்த்தார், மனதில் பட்ட சொல்லை எழுதினார். அந்த ஒரு சொல்லால் அன்று மதியம் அந்த முகாமில் இருந்த குழந்தைகளுக்குச் சோறு இல்லை. அதற்குப் பிறகு, இந்தச் சொற்களை அகராதியில் உள்ள பொருளோடு மட்டும் நான் பார்ப்பதில்லை. படிக்கிறவர் கேட்கும் எந்தக் கேள்விக்கு இது விடை என்றும் பார்க்கிறேன்.

நான்கும் நான்கு வேறு கேள்விகளுக்கு விடை. சஃபிஷியன்ட் என்பது ‘தேவைக்கு எட்டுகிறதா?’ என்ற கேள்விக்கு. அடிக்குவேட் என்பது ‘இருக்கவேண்டிய தரத்தில் இருக்கிறதா?’ என்பதற்கு. ஆம்பிள் என்பது ‘தேவை போக மிச்சம் கையில் இருக்கிறதா?’ என்பதற்கு. பிளென்டிஃபுல் என்பதற்குத் தேவையோடு ஒட்டே இல்லை. ‘அங்கே எவ்வளவு கிடக்கிறது?’ என்பதை மட்டும்தான் அது சொல்லும். தமிழில் முதல் இரண்டையும் ‘போதுமான’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம், பின்னிரண்டையும் ‘நிறைய’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

கணக்கோடு பார்த்தால் தெளிவாகும். அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் முகாம் நடக்கிறது, மொத்தம் 240 பேர், அதில் பெண்களும் சிறுமிகளும் 130 என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் குடிதண்ணீர். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இன் 12-ஆம் பிரிவின்படி தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-இல் நிவாரணத்துக்கான குறைந்தபட்ச அளவுகளை வகுத்தது. அதில் குடிக்க மட்டும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர். 240 பேருக்கு 720 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் 36. ஸ்டோர் ரூமில் 110 கேன் இருந்தால் 2,200 லிட்டர். மூன்று நாளைக்கு வரும். இங்கே எழுதவேண்டிய சொல் சஃபிஷியன்ட். ஆனால் அந்தச் சொல் தனியாக நிற்காது. யாருக்கு, எதுவரை என்ற இரண்டும் கூடவே வந்தால்தான் அதற்கு உயிர். ‘240 பேருக்கு வியாழன் மாலை வரை குடிதண்ணீர் போதும்’ என்று எழுதினால், மேசையில் இருப்பவர் வியாழன் காலைக்குள் கேன் வரவேண்டும் என்று குறித்துக்கொள்வார். ‘குடிதண்ணீர் போதிய அளவு உள்ளது’ என்று மட்டும் எழுதினால் அவருக்குக் கிடைப்பது ஒரு நிம்மதிதான். அந்த நிம்மதியில் உங்கள் முகாம் பட்டியலின் அடிக்குப் போய்விடும்.

குளிக்கவும் கழிப்பறைக்கும் அதே வழிகாட்டுதல் ஒருவருக்கு 15 லிட்டர் சொல்கிறது. 240 பேருக்கு 3,600 லிட்டர். தினமும் 4,000 லிட்டர் லாரி ஒன்று வந்து தொட்டியை நிரப்புகிறது என்றால் கணக்குப்படி சஃபிஷியன்ட்தான். ஆனால் மிச்சம் 400 லிட்டர். இன்னும் 26 பேர் வந்து சேரும்வரை தாங்கும், 27-ஆவது ஆள் வந்ததும் பற்றாது. முகாமில் தலைக்கணக்கு ஒரு ராத்திரியில் மாறும்: ஆற்றோரத் தெருவில் தண்ணீர் ஏறினால் விடிவதற்குள் அறுபது பேர் மூட்டையோடு வந்து நிற்பார்கள். அதனால் இப்படி விளிம்பில் நிற்பதை வெறும் சஃபிஷியன்ட் என்று விடாமல் ‘ஜஸ்ட் சஃபிஷியன்ட்’ என்று எழுதுவேன். தமிழில் ‘இப்போதைய எண்ணிக்கைக்கு மட்டும் சரியாக இருக்கிறது’ என்பேன். அந்த ‘மட்டும்’ படிப்பவரை எச்சரிக்கும்.

அடுத்தது கழிப்பறை. உங்கள் ‘அடிக்குவேட்’ மிக அதிகமாகத் தவறியிருக்கக்கூடிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஆணையத்தின் அளவு 30 பேருக்கு ஒரு கழிப்பறை. 240-க்கு 8 வேண்டும். பள்ளியில் 10 இருக்கிறது. எண்ணிக்கையில் சஃபிஷியன்ட். இப்போது உள்ளே போய்ப் பாருங்கள். பத்தில் ஆறு மாணவர் பக்கம், நான்கு மாணவியர் பக்கம். 130 பெண்களுக்கு அதே கணக்கில் ஐந்து வேண்டும். இருப்பது நான்கு, அதிலும் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. வகுப்பறையிலிருந்து அங்கே போகும் வழியில் விளக்கு இல்லை. இருட்டிய பிறகு பெண்கள் போவதில்லை. போகவேண்டி வரும் என்பதால் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். எண்ணிக்கை போதும், வசதி போதாது. ஆங்கிலத்தில் இதைச் சரியாகச் சொல்ல வேண்டுமானால் எண்ணிக்கைக்கு சஃபிஷியன்ட் என்றும், பெண்களுக்கான ஏற்பாட்டுக்கு அடிக்குவேட் இல்லை என்றும் பிரித்துத்தான் எழுதவேண்டும்.

அடிக்குவேட் என்ற சொல்லின் லத்தீன் வேருக்கே ‘சமமாக்கப்பட்டது’ என்று பொருள். எதற்குச் சமம் என்ற கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது. ஓர் அளவுகோல் இருக்கிறது, அதன்மேல் வைத்துப் பார்த்தேன், ஒத்துவந்தது என்று எழுதுபவர் சான்று கொடுப்பதுபோல அந்தச் சொல் ஒலிக்கிறது. அதனால்தான் அதை எடை பார்த்துச் சொல்லக்கூடிய அரிசிக்குப் போடுவதைவிட, இருப்பிடம், வெளிச்சம், மருத்துவ வசதி, பாதுகாப்பு, சுகாதாரம் போன்றவற்றுக்குப் போடுவது பொருத்தம். அவற்றில் எண்ணிக்கையோடு தரமும் சேர்ந்துதான் போதுமா போதாதா என்பது முடிவாகிறது. சாப்பாட்டுக்கும் போடலாம், ஆனால் அப்போது அளவைத் தாண்டி வேறொன்றைச் சொல்கிறீர்கள் என்று தெரிந்திருக்கவேண்டும். வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு நாளுக்கு 2,400 கிலோகலோரி என்கிறது, குழந்தைகளுக்கு 1,700. மூன்று வேளையும் சாம்பார் சாதம் வயிறு நிறையக் கிடைத்தாலும், எட்டு மாதக் குழந்தைக்கு ஊட்ட எதுவும் இல்லையென்றால் அந்த முகாமின் உணவு அளவில் சஃபிஷியன்ட், அடிக்குவேட் அல்ல. சர்க்கரை நோயாளிகள் பத்துப் பேர் இருக்கிற இடத்தில் மூன்று வேளையும் வெள்ளைச் சோறு என்றாலும் அப்படியே.

இன்னொன்றும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் அடிக்குவேட் உற்சாகமான சொல் அல்ல. ‘ஏதோ, குறை சொல்ல முடியாது’ என்ற தொனி அதில் உண்டு. நீங்கள் நல்ல மனதோடு ‘சமையல் அடிக்குவேட்’ என்று எழுதினால், பின்கட்டில் காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டுகிற பெண்களைக் குறைத்துச் சொன்னதாகப் படிக்கிறவர் எடுத்துக்கொள்ளலாம். பாராட்ட வேண்டுமானால் நேராகப் பாராட்டிவிடுங்கள்.

இப்போது ஸ்டோர் ரூமுக்கு வருவோம். ஐம்பது கிலோ அரிசி மூட்டை 14, மொத்தம் 700 கிலோ. சமையல்காரர் ஆளுக்கு நாளைக்கு 400 கிராம் போடுகிறார் என்றால் 96 கிலோ செலவு. ஏழு நாளைக்கு மேலாக வரும். மளிகை வண்டி இரண்டு நாளைக்கு ஒருமுறை வருகிற முகாம் இது. ஒரு நடை தவறினாலும், இரண்டு நடை தவறினாலும் அரிசி தீராது. இங்கே தைரியமாக ஆம்பிள் போடலாம். லத்தீனில் அதற்கு அகலமானது என்று பொருள். காலை நீட்டி உட்காரும் அளவுக்கு இடம் இருப்பதுபோல. நான் கைக்கொள்ளும் கணக்கு இது: அடுத்த வண்டி வரும் நாளைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருப்பு தாங்கினால்தான் ஆம்பிள். இரண்டு நாளைக்கு ஒரு வண்டி என்றால் ஐந்து நாள் இருப்பாவது வேண்டும். சாலை அறுந்து, வண்டி எப்போது வரும் என்றே தெரியாத முகாமில் எத்தனை மூட்டை இருந்தாலும் அந்தச் சொல்லைத் தொடவே மாட்டேன். வெறும் நாள் கணக்கை மட்டும் எழுதுவேன்.

ஆம்பிள் என்று எழுதுவது, உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுப்பது. பக்கத்து முகாமில் அரிசி இல்லையென்றால் மேசையில் இருப்பவர் தேடுவது ஆம்பிள் என்று எழுதிய முகாமைத்தான். மனதார அப்படி எழுதலாம், எழுதவும் வேண்டும்; இருப்பை ஒளித்து வைப்பதும் தப்பு. ஆனால் அதே ஸ்டோரில் பருப்பு 30 கிலோ. ஆளுக்கு 50 கிராம் வீதம் நாளைக்கு 12 கிலோ போகும். இரண்டரை நாளில் தீரும். அரிசி ஆம்பிள், பருப்பு மூன்றாம் நாள் மதியம் வரை சஃபிஷியன்ட். இரண்டையும் சேர்த்து ‘உணவுப் பொருள் ஆம்பிள்’ என்று எழுதினால் மூன்றாம் நாள் இரவு வெறுஞ்சோறு. பல பொருட்களுக்கு ஒரே சொல் போடத்தான் வேண்டும் என்றால், எது முதலில் தீர்கிறதோ அதற்குரிய சொல்லைப் போடுங்கள். அரிசியும் பருப்பும் இருந்து கேஸ் சிலிண்டர் ஒன்றே ஒன்று மிச்சம் என்றால் முகாமின் உணவு நிலை அந்தச் சிலிண்டர்தான். வெள்ளக் காலத்தில் விறகும் நனைந்து கிடக்கும் என்பதை மறக்கக்கூடாது.

மிஞ்சியிருப்பது பிளென்டிஃபுல். முகாம் அறிக்கையில் இதைப் போட இடம் மிகக் குறைவு. ‘சுற்றிலும் நிறையக் கிடைக்கிறது’ என்ற பொருளில், ஊர்ச் சந்தையையோ இயற்கை வளத்தையோ சொல்லும்போதுதான் அது பொருந்தும். கரையோர ஊரில் மீன் பிளென்டிஃபுல், தோப்புள்ள ஊரில் இளநீர் பிளென்டிஃபுல். உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளலாம், வெளியிலிருந்து அனுப்ப வேண்டாம் என்று தெரிவிக்க அது உதவும். ஆனால் தேவையைப் பற்றி அது ஒன்றுமே சொல்வதில்லை. வெள்ளத்தில் சுற்றிலும் தண்ணீர்தான். கிணறு நிரம்பி வழிகிறது. குடிக்க ஒரு சொம்பு இல்லை. தண்ணீர் பிளென்டிஃபுல், குடிதண்ணீர் பற்றாக்குறை. இரண்டும் ஒரே முகாமில் ஒரே நேரத்தில் உண்மை.

இதைவிடக் கசப்பான பாடம் 2004 சுனாமியில் நாகப்பட்டினம் பக்கம் கிடைத்தது. நாடெங்கிலுமிருந்து பழந்துணி லாரி லாரியாக வந்து சாலையோரங்களில் குவிந்து கிடந்தது. மீனவக் குடும்பங்கள் உடுத்தாத வகைத் துணிகள், கிழிந்தவை, சாயம் போனவை. துணி என்ற தலைப்பின்கீழ் அந்த நாட்களில் யார் அறிக்கை எழுதியிருந்தாலும் பிளென்டிஃபுல் என்பது பொய்யாகியிருக்காது. உள்ளாடையும் நாப்கினும் மாற்றுச் சேலையும் கேட்டவர்களுக்கு அந்த மலையால் பயன் இல்லை. இப்போதும் முகாம் அறிக்கைகளில் ‘துணி பிளென்டிஃபுல்’ என்ற வரியைத்தான் அதிகம் பார்க்கிறேன். உங்கள் அறிக்கையில் துணிக்கு நேரே எழுதவேண்டியது இப்படி இருக்கலாம்: பழைய துணி பிளென்டிஃபுல், இனி அனுப்ப வேண்டாம், நைட்டி, உள்ளாடை, நாப்கின் இல்லை, இத்தனை பேருக்கு இத்தனை வேண்டும்.

தமிழ்ச் சுருக்கத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் இவ்வளவு பிரித்துவிட்டு, தமிழில் எல்லாவற்றையும் ‘போதுமான’ என்று எழுதினால் பட்ட பாடு வீண். நம்மிடம் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. அலுவலகத் தமிழுக்குப் பழகி அவற்றை மறந்துவிட்டோம். சஃபிஷியன்டுக்குப் ‘போதும்’, ‘தேவையான அளவு’ என்பவை நேராக நிற்கும், நாள் கணக்கோடு. அடிக்குவேடுக்குப் ‘போதிய’ என்று எழுதாமல் ‘உரிய’, ‘முறைப்படி அமைந்த’ என்று எழுதுகிறேன்: ‘பெண்களுக்கு உரிய கழிப்பறை வசதி இல்லை’. ‘போதிய வசதி இல்லை’ என்றால் இன்னும் இரண்டு கட்டு என்று மட்டும் விளங்கும். ‘உரிய வசதி’ என்றால் விளக்கும் தாழ்ப்பாளும் அதற்குள் வந்துவிடும். ஆம்பிளுக்குத் ‘தாராளம்’, பிளென்டிஃபுல்லுக்கு ‘ஏராளம்’. காதுக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும், ‘இடம் தாராளமாக இருக்கிறது’ என்னும்போது உட்காரப்போகிறவர்களை நினைத்துச் சொல்கிறோம், ‘இடம் ஏராளமாக இருக்கிறது’ என்னும்போது பரப்பை மட்டும் பார்த்துச் சொல்கிறோம். தாராளத்தில் தேவை கலந்திருக்கிறது, ஏராளத்தில் இல்லை. ஆங்கிலத்தின் இரண்டு சொற்களுக்கு இடையே உள்ள அதே இடைவெளி இது.

மறுப்புச் சொற்களும் இதேபோலப் பிரியும். எண்ணிக்கையில் குறைந்தால் இன்சஃபிஷியன்ட். தமிழில் போதவில்லை, பற்றாக்குறை. தரத்தில் குறைந்தால் இன்அடிக்குவேட். இந்த இரண்டாவது சொல் கூர்மையானது, யாரோ செய்யவேண்டியதைச் செய்யவில்லை என்ற குற்றச்சாட்டு அதில் ஒளிந்திருக்கிறது. மருந்து வந்து சேரவில்லை என்பதைச் சொல்லப்போய் ‘மருத்துவ உதவி இன்அடிக்குவேட்’ என்று எழுதினால், இரவு பகலாக நிற்கும் செவிலியர்மேல் அது விழும். ‘பாராசிட்டமால் 60 மாத்திரைதான் மிச்சம், காய்ச்சல்காரர்கள் 22 பேர்’ என்று எழுதிவிட்டால் யார்மேலும் விழாது, மாத்திரையும் வரும்.

ஆங்கில வாக்கியத்தில் நம் ஆட்கள் அடிக்கடி செய்யும் இரண்டு மூன்று பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். ‘சஃபிஷியன்ட் எனஃப்’ என்று சேர்த்து எழுதக்கூடாது. ‘போதுமான போதும்’ என்பதுபோல ஆகிவிடும். ‘ஆம்பிள் ஆஃப் ரைஸ்’ தவறு. ‘ஆம்பிள் ரைஸ்’ என்று நேராக வரவேண்டும்; இடையில் ‘ஆஃப்’ வேண்டுமானால் ‘பிளென்டி’யோடு வரும். ஆம்பிள் இதமான சொல் என்பதால் நோயாளிகளுக்கோ கொசுவுக்கோ அதைப் போடக்கூடாது, அங்கே ‘மெனி’தான். அவசரத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்திக்கு இந்த நான்கும் வேண்டாம். ‘எனஃப்’ போட்டு எத்தனை நாள் என்று சேர்த்தால் தெளிவாகவே இருக்கும்.

சொல்லைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், நீங்கள் கேட்டுக்கொண்டு வரும் தகவலே சரியா என்று பார்க்க வேண்டும். முகாமில் போய் “பாட்டி, போர்வை போதுமா?” என்று கேட்டால் “போதும்யா, நல்லா இருங்க” என்பார். அது மரியாதைக்குச் சொல்வது. வீட்டை விட்டு வந்து, முன்பின் தெரியாதவர்கள் கையால் வாங்கிச் சாப்பிடும் நிலையில் ‘இன்னும் கொடு’ என்று கேட்க மானமுள்ளவர்களுக்கு வாய் வராது. அதை எழுதிக்கொண்டு வந்து சஃபிஷியன்ட் போடுவது நியாயமல்ல. “நேத்து ராத்திரி இந்த ரூம்ல யாரெல்லாம் போர்வை இல்லாம படுத்தீங்க?” என்று கேளுங்கள். “கடைசிப் பந்தியில் உட்கார்ந்தது யார், குழம்பு இருந்ததா?” என்று கேளுங்கள். கடைசிப் பந்தியில் என்ன கிடைத்தது என்பதுதான் அந்த முகாமின் உணவு நிலை. முதல் பந்தியில் எப்போதும் எல்லாம் இருக்கும்.

தென்மாவட்ட முகாம் என்றால் மொழியிலும் ஒரு பொறி இருக்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் ‘காணாது’ என்றால் போதாது என்று அர்த்தம். யாழ்ப்பாணத்திலும் ‘காணும்’ என்றால் போதும். வெளியூரிலிருந்து உதவிக்கு வந்த ஒரு பிள்ளையிடம் வயதான அம்மா ஒருவர் “போர்வ காணாது” என்று சொல்லியிருக்கிறார். அவள் ‘போர்வைகள் காணாமல் போயின’ என்று குறித்து வைத்துவிட்டாள். மேலிருந்து, திருட்டா, யார் பொறுப்பு என்று விசாரணை வந்தது. போர்வை வரவில்லை. “காணாதுன்னா எத்தன வேணும் பாட்டி?” என்று திருப்பி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எண்ணிக்கை கிடைத்திருக்கும்.

மேலே சொன்ன 240 பேர் முகாமுக்கு, திங்கள் மாலை நான் எழுதினால் தமிழ்ச் சுருக்கம் இப்படி இருக்கும். ஆங்கில அறிக்கையும் இதே வரிசையில் போகும்.

“திங்கள் மாலை 6 மணி. முகாமில் 240 பேர். பெண்கள், சிறுமிகள் 130. குடிதண்ணீர் 110 கேன். இதே எண்ணிக்கைக்கு வியாழன் மாலை வரை போதும். புழங்கும் தண்ணீர் தினமும் ஒரு லாரி. இப்போதைய எண்ணிக்கைக்கு மட்டும் சரியாக இருக்கிறது, 26 பேருக்கு மேல் கூடினால் இரண்டாம் லாரி வேண்டும். அரிசி தாராளம், 7 நாள். தேவைப்பட்டால் 3 மூட்டை வேறு முகாமுக்குக் கொடுக்கலாம். பருப்பு வியாழன் மதியம் வரை மட்டும்; புதன் வண்டியில் 40 கிலோ வேண்டும். கைக்குழந்தைகளுக்கு உரிய உணவு இல்லை. கழிப்பறை எண்ணிக்கையில் போதும். பெண்கள் பக்கம் உரிய வசதி இல்லை, ஒரு தாழ்ப்பாளும் வழியில் இரண்டு விளக்கும் இன்றே வேண்டும், கூடுதலாக ஒரு கழிப்பறை நாளைக்குள். பழைய துணி ஏராளம், அனுப்ப வேண்டாம். நாப்கின் இல்லை.”

ஆங்கிலத்தில் ‘போதும்’ வந்த இடங்களில் சஃபிஷியன்ட், ‘மட்டும் சரியாக’ வந்த இடத்தில் ஜஸ்ட் சஃபிஷியன்ட், ‘தாராளம்’ ஆம்பிள், ‘உரிய வசதி இல்லை’ நாட் அடிக்குவேட், ‘ஏராளம்’ பிளென்டிஃபுல். இருநூற்று நாற்பது என்ற எண்ணையும் மணியையும் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். இரவில் ஆள் கூடினால், கீழே உள்ள ஒவ்வொரு ‘போதும்’ என்பதையும் மறுபடி கணக்குப் பார்த்துத் திருத்தி, அதே இரவு இன்னொருமுறை அனுப்புங்கள்.